46 நாற்காலிகளுக்கு எந்த வாரம் மரம் வாங்குவது? சிறு பட்டறைக்கான எம்.ஆர்.பி. கணக்கு

கேள்வி: "நாங்கள் சிறிய மரப்பட்டறை வைத்து நாற்காலியும் ஸ்டூலும் செய்கிறோம். ஆர்டர் வந்ததும் மரம் எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது என்பதில் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறோம். ஒன்று மரம் குவிந்து கிடக்கிறது, இல்லாவிட்டால் பாதி வேலையில் தீர்ந்துவிடுகிறது. எம்.ஆர்.பி. என்கிறார்களே, அதைப் பொருட்பட்டியலும் லீட் டைமும் வைத்து ஓர் உதாரணத்தோடு விளக்குவீர்களா?"

எம்.ஆர்.பி. எனப்படும் பொருள் தேவைத் திட்டமிடல், வாடிக்கையாளர் கேட்ட தேதியில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கும் கணக்கு. முடிந்த பொருளிலிருந்து அதன் பாகத்துக்கும், பாகத்திலிருந்து மூலப்பொருளுக்கும் ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் கையில் இருப்பதைக் கழித்து, அந்தப் படியின் வேலைக்கு ஆகும் காலத்தை நாட்காட்டியில் பின்தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் "இந்த வாரம் இத்தனை கட்டை வாங்கு" என்ற வரி கிடைக்கும். கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல் தவிர வேறெதுவும் இல்லை. செய்யும் வரிசையும், உள்ளே இடும் எண்களின் உண்மையுமே இதில் கடினமானவை. ஆகவே அந்த இரண்டில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில், பழக்கத்தில் இருக்கும் முறை ஏன் தவறுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் "கால்கள் 20-க்குக் கீழே போனால் மறுபடி அறுக்கலாம்" என்பது போல ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருப்பார்கள். கடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விற்கும் பொருளுக்கு அது பொருந்தும். நாற்காலிக் காலை யாரும் தனியாகக் கேட்டு வருவதில்லை; நாற்காலி செய்யத் தொடங்கும் நாளில் மட்டும் அது மொத்தமாகத் தேவைப்படுகிறது, மற்ற நாட்களில் தேவையே இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து வரும் சுயேச்சையான தேவையையும், அதிலிருந்து பிறக்கும் சார்புத் தேவையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1960-களில் எம்.ஆர்.பி. முறையை உருவாக்கிய ஜோசப் ஆர்லிக்கி வலியுறுத்தியதன் பொருள் இதுதான். சுயேச்சையான தேவையை ஊகிக்கலாம். சார்புத் தேவையை ஊகிக்கக் கூடாது, கணக்கிட வேண்டும், ஏனென்றால் அதைக் கணக்கிட முடியும்.

இனி பொருட்பட்டியல். முழு நாற்காலியின் எல்லாப் பாகங்களையும் இங்கே விரித்தால் கணக்கின் ஓட்டம் மறைந்துவிடும். பின்கால், குறுக்குச் சட்டம், ஸ்டூலின் மேல்பலகை ஆகியவற்றுக்கும் இதே முறைதான் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, இரண்டு பாதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடைப்புக்குள் இருப்பது அந்தப் பொருளுக்கான லீட் டைம், அதாவது அதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து அல்லது வாங்கச் சொன்னதிலிருந்து பயன்படுத்தத் தயாராகும் வரை ஆகும் காலம்.

- நாற்காலி (1 வாரம்)
  - சட்டகம் 1 (1 வாரம்)
    - முன்கால் 2 (1 வாரம்)
      - மரக்கட்டை, ஒரு காலுக்கு 0.25 (2 வாரம்)
  - குஷன் 1 (1 வாரம்)
    - உறைத்துணி 0.3 மீட்டர் (4 வாரம்)
- ஸ்டூல் (1 வாரம்)
  - முன்கால் 4 (1 வாரம்)
    - மரக்கட்டை, ஒரு காலுக்கு 0.25 (2 வாரம்)

இரண்டு பொருள்களுக்கும் முன்கால் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். நாற்காலியில் அது சட்டகத்துக்கு அடியில், இரண்டு படி கீழே இருக்கிறது; ஸ்டூலில் ஒரே படி கீழே இருக்கிறது. இந்தச் சிறு வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

"ஒரு காலுக்கு 0.25 கட்டை" என்ற எண்ணைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொருட்பட்டியல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிழையாகின்றன. கட்டையின் நீளம் 2 மீட்டர், காலின் நீளம் 450 மில்லிமீட்டர். வெறுமனே வகுத்தால் ஒரு காலுக்கு 0.225 கட்டை என்று வரும். அதன்படி 100 கால்களுக்கு இருபத்திரண்டரை, அதாவது 23 கட்டைகள் போதும் என்று எழுதுவோம். ஆனால் ரம்பம் அறுப்பது முழுக் கால்களை அல்லவா? கட்டையின் இரு முனைகளிலும் வெடிப்பு இருக்கும் என்பதால் 40 மில்லிமீட்டர் வீதம் வெட்டி எறிய வேண்டும். ஐந்து அறுப்புகளில் ரம்பம் தின்னும் அகலம் 4 மில்லிமீட்டர் வீதம் 20 போய்விடும். நான்கு கால்களுக்கு 1800. ஆக மொத்தம் 1900 போய், 100 மில்லிமீட்டர் துண்டு மிஞ்சும். அது எந்தக் காலுக்கும் உதவாது. ஒரு கட்டைக்கு 4 கால்கள் என்பதுதான் உண்மை, எனவே 23 கட்டைகள் 92 கால்களைத்தான் தரும். எட்டுக் கால்கள் குறைவது தெரியும்போது கடைசிக் கட்டையும் அறுபட்டிருக்கும். பொருட்பட்டியலில் எழுத வேண்டிய அளவு வரைபடத்தில் இருக்கும் அளவல்ல. அறுக்கும் மேடையில் உண்மையில் செலவாகும் அளவு.

உறைத்துணிக்கும் அப்படியே. ஒரு இருக்கைக்கு மடிப்போடு சேர்த்து 60 சென்டிமீட்டர் சதுரம் வேண்டும். துணியின் அகலம் 140 சென்டிமீட்டர் என்றால் அகலவாக்கில் இரண்டு இருக்கைகள் வரும், எனவே ஒரு நாற்காலிக்கு நீளத்தில் 0.3 மீட்டர். 120-க்கும் குறைந்த அகலத் துணியை வாங்கினால் இந்த எண் இரட்டிப்பாகிவிடும். துணியின் அகலம் மாறும்போது பொருட்பட்டியலும் மாற வேண்டும்.

இப்போது ஆர்டர்களுக்கு வருவோம். இன்று வாரம் 1 என்று வைத்துக்கொள்வோம். வாரம் 8-ன் தொடக்கத்தில் 46 நாற்காலிகளும், வாரம் 6-ன் தொடக்கத்தில் 25 ஸ்டூல்களும் கொடுக்க வேண்டும். கையிருப்பில் முடிந்த நாற்காலி 6, முடிந்த ஸ்டூல் 5, சட்டகம் 4, முன்கால் 20, மரக்கட்டை 5, துணி 3 மீட்டர் உள்ளன. குஷன் இல்லை. மர வியாபாரி கட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டித்தான் தருவார்.

மேலிருந்து தொடங்குவோம். 46 நாற்காலிகளில் 6 கையில் இருப்பதால் 40 செய்தால் போதும். இணைத்து முடிக்க 1 வாரம் ஆகும் என்பதால் அந்த வேலை வாரம் 7-ல் தொடங்க வேண்டும். அப்படியானால் வாரம் 7-ல் 40 சட்டகங்கள் தயாராக இருக்க வேண்டும். அவற்றில் 4 இருக்கின்றன; 36 செய்ய வேண்டும், வாரம் 6-ல் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2 முன்கால்கள் வீதம் வாரம் 6-ல் 72 முன்கால்கள் தேவை.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். 46 நாற்காலிகளை நேராக 2-ஆல் பெருக்கியிருந்தால் 92 கால்கள் என்று வந்திருக்கும். அந்த 20 கால்களின் வேறுபாடு எங்கே போயிற்று? முடிந்த 6 நாற்காலிகளுக்குள் 12 கால்களும், கூட்டி வைத்த 4 சட்டகங்களுக்குள் 8 கால்களும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. கால்களின் கையிருப்புப் பதிவேட்டில் அவை தெரியாது, ஏனென்றால் அவை இப்போது கால்கள் அல்ல. ஒவ்வொரு படியிலும் கழித்த பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. எக்செல் தாளில் எல்லாவற்றையும் ஒரே பெருக்கலில் கடைசி மூலப்பொருள் வரை விரித்துவிட்டு, பிறகு மூலப்பொருளின் கையிருப்பை மட்டும் கழிக்கும் பட்டறைகளில் மரம் குவிவதற்கு இதுவே முதல் காரணம்.

ஸ்டூலுக்கு இதே போல: 25-ல் 5 இருக்கின்றன, 20 செய்ய வேண்டும், வாரம் 5-ல் தொடங்க வேண்டும். அப்போது 80 முன்கால்கள் தேவை.

முன்காலின் கணக்கை இப்போதுதான் திறக்கலாம். ஸ்டூல் கணக்கு முடிந்தவுடனே, சட்டகத்தின் கணக்கைப் பார்க்காமல், காலின் கணக்கைப் போட்டிருந்தால் கையில் உள்ள 20 கால்களை ஸ்டூலுக்குக் கொடுத்திருப்போம். பிறகு நாற்காலிப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து அதே 20 கால்களை மறுபடியும் கழித்திருப்போம். ஒரே கால் இரண்டு ஆர்டர்களுக்குக் கணக்கில் போய்விடும். அதனால்தான் ஒரு பாகம் எந்தப் பொருளில் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், அது இருக்கும் மிக ஆழமான படிக்கு கணக்கு வரும்வரை அதைத் தொடுவதில்லை. மென்பொருளில் இதைப் படிநிலை எண்ணாகக் குறித்து வைப்பார்கள், கையால் செய்பவர்கள் "இந்தப் பாகத்தைக் கேட்கக்கூடிய எல்லாரும் கேட்டுவிட்டார்களா?" என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

| முன்கால் | வாரம் 4 | வாரம் 5 | வாரம் 6 |
|---|---|---|---|
| மொத்தத் தேவை | 0 | 80 | 72 |
| கழிக்கக் கையில் இருப்பது | 20 | 20 | 0 |
| நிகரத் தேவை | 0 | 60 | 72 |
| செய்யத் தொடங்க வேண்டியது | 60 | 72 | 0 |

கடைசி வரி அதற்கு மேல் உள்ள வரியின் நகல்தான்; ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. லீட் டைமைப் பின்தள்ளுவது என்பது இந்த நகர்வுதான். ஏற்கெனவே யாரிடமாவது செய்யக் கொடுத்து வர வேண்டிய கால்கள் இருந்தால், அவை வரும் வாரத்தின் கையிருப்போடு அவற்றையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அப்படி எதுவும் இல்லை.

முதல் வரியைப் பார்த்தால் குறைந்தபட்ச அளவு முறை ஏன் உதவவில்லை என்பதும் விளங்கும். 8 வாரங்களில் 152 கால்கள் தேவை, சராசரியாக வாரத்துக்கு 19. கையில் 20 இருப்பதைப் பார்த்து ஒரு வாரத்துக்குப் போதும் என்று நினைப்போம். உண்மையில் நான்கு வாரங்கள் ஒன்றுமே தேவையில்லை. ஐந்தாம் வாரம் ஒரே நாளில் 80 வேண்டும். சராசரி என்ற எண் எந்த வாரத்திலும் நடக்காத ஒன்று.

கட்டைக்கு இறங்குவோம். வாரம் 4-ல் 60 கால்கள் அறுக்க 15 கட்டைகள்; 5 இருப்பதால் 10 வாங்க வேண்டும். வாரம் 5-ல் 72 கால்களுக்கு 18 கட்டைகள். கையிருப்பு தீர்ந்துவிட்டதால் 18-ம் வேண்டும், கட்டுக் கணக்கில் 20. லீட் டைம் 2 வாரம் என்பதால், வாரம் 2-ல் ஒரு கட்டும் வாரம் 3-ல் இரண்டு கட்டுகளும் சொல்ல வேண்டும். கடைசியில் 2 கட்டைகள் மிஞ்சும்.

மறு பாதையில், 40 நாற்காலிகளுக்கு வாரம் 7-ல் 40 குஷன்கள் வேண்டும். தைக்க வாரம் 6-ல் தொடங்க வேண்டும். அப்போது 12 மீட்டர் துணி தேவை, 3 மீட்டர் இருப்பதால் 9 மீட்டர் வாங்க வேண்டும். துணிக்கு லீட் டைம் 4 வாரம். எனவே துணியை வாரம் 2-ல் சொல்ல வேண்டும். நாற்காலிக்கு மரத்தைவிடத் துணியை ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரப்பாதையின் மொத்த நீளம் 1+1+1+2, அதாவது 5 வாரம். துணிப்பாதை 1+1+4, அதாவது 6 வாரம். மரப்பட்டறை என்பதால் எல்லாரும் மரத்தையே கவனித்துக்கொண்டிருக்க, ஆர்டரைத் தாமதப்படுத்துவது 9 மீட்டர் துணியாக இருக்கும். நாற்காலியின் மிக நீண்ட பாதை 6 வாரம் என்பதால், கையிருப்பு இல்லாத நிலையில் அதற்கும் குறைவான காலத்தில் தருவதாக வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்ளும்போது எதையோ விரட்டிச் செய்யப் போகிறோம் என்பதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

துணிப்பாதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாற்காலியை இணைக்கும் வாரத்தின் முதல் நாளிலேயே எல்லாப் பாகங்களும் வேண்டும் என்று எம்.ஆர்.பி. எடுத்துக்கொள்கிறது. பட்டறையில் அப்படி நடப்பதில்லை. அந்த வாரத்தின் முதல் சில நாட்கள் சட்டகத்துக்கு பாலிஷ் அடித்து உலரவிடுவதில் போகும். குஷனைத் திருகிப் பொருத்துவது கடைசி நாள் வேலை. ஆகவே துணி மூன்று நாள் தாமதமானால் தாள் சிவப்பாகக் காட்டினாலும் ஆர்டர் தவறாது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் தேவையில்லாமல் துணிக்காரரை விரட்ட மாட்டார். மரம் மூன்று நாள் தாமதமானால் அதே நிதானத்தைக் காட்டவும் மாட்டார்.

பசை, திருகு, மணல்தாள் போன்றவற்றை இந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு டப்பா வைத்து, ஒன்று காலியானதும் வாங்குவதே அவற்றுக்குப் போதும். ஒரு நாற்காலிக்கு எத்தனை கிராம் பசை என்று பொருட்பட்டியலில் எழுதினால், அந்த எண்ணைப் பராமரிக்கும் உழைப்பு பசையின் மதிப்பைவிட அதிகமாகிவிடும்.

கழிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கில் அறுத்த கால்கள் எல்லாம் நல்ல கால்கள் என்று எடுத்துக்கொண்டோம். பத்தில் ஒன்று முடிச்சாலோ வெடிப்பாலோ கழிபடுகிறது என்றால், பலர் 60-ஐ 1.1-ஆல் பெருக்கி 66 என்று எழுதுவார்கள். 66-ல் பத்தில் ஒரு பங்கு போனால் 59.4 தான் நிற்கும். ஒரு கால் குறையும், அந்த ஒரு காலுக்காக ஒரு ஸ்டூல் நின்றுவிடும். பெருக்கக் கூடாது, நல்லவற்றின் பங்கால் வகுக்க வேண்டும்:

```
=ROUNDUP(60/0.9, 0)
```

இதன் விடை 67. அதற்கு 17 கட்டைகள் வேண்டும். 5 போக 12. கட்டுக் கணக்கில் 20. கழிவைச் சேர்த்ததும் வாரம் 2-ன் ஆர்டர் ஒரு கட்டிலிருந்து இரண்டு கட்டுகளாகிவிட்டது. கட்டுக்கட்டாக வாங்கும் பொருள்களில் மேல்படியின் சிறு மாற்றம் கீழே பெரிய தாவலாகத் தெரியும் என்பதால், கழிவு விகிதத்தை ஊகித்து எழுதாமல், ஐந்தாறு முறை அறுத்தபின் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும். தொடர்ந்து வரும் உதாரணத்தில் எளிமைக்காகக் கழிவில்லாத எண்களையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கில் மிக எளிதாக ஏமாற்றும் எண் லீட் டைம். அறுபது கால்களை அறுத்து, இழைத்து, மூட்டுத் துளை போட இரண்டு நாள் வேலை என்று ஆசாரி சொல்வார். அவர் சொல்வது சரி. ஆனால் லீட் டைம் என்பது கை வேலை செய்யும் நேரம் மட்டும் அல்ல. இயந்திரம் வேறு வேலையில் இருப்பதால் காத்திருக்கும் நாட்கள், ஒரு வேலை முடிந்தும் அடுத்தவர் எடுக்காமல் கிடக்கும் நாட்கள், ஒட்டிய சட்டகத்தில் பசை முழுப் பலம் பெற விடும் ஒரு நாள், எல்லாம் அதற்குள் சேரும். மரத்துக்கும் அப்படியே. வியாபாரி 10 நாளில் அனுப்புகிறேன் என்றால் லீட் டைம் 10 நாள் ஆகாது. வந்த மரத்தை இடைக்குச்சி வைத்து அடுக்கி, பட்டறைக் காற்றுக்குப் பழகவிட்ட பிறகே அறுக்க வேண்டும் என்றால் அந்த நாட்களையும் கூட்டி 2 வாரம் என்று எழுத வேண்டும். பொருள் வந்து சேரும் நாளை எழுதினால் போதாது, பயன்படுத்தக்கூடிய நாளை எழுத வேண்டும்.

இதன் எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஒன்றிரண்டு முறை தாமதமாகிவிட்டால், பாதுகாப்புக்காகக் காலின் லீட் டைமை 1 வாரத்திலிருந்து 3 வாரமாக மாற்றிவிடத் தோன்றும். மாற்றினால் ஸ்டூலுக்கான கால் வேலை வாரம் 4-லிருந்து வாரம் 2-க்கு நகரும். கட்டையை வாரம் 0-வில், அதாவது போன வாரமே, சொல்லியிருக்க வேண்டும் என்று தாள் காட்டும். எல்லா ஆர்டர்களுக்கும் இப்படி இரண்டு வாரம் முன்பே கால்களைத் தொடங்கினால் இயந்திரத்தின் முன் வரிசை நீளும். நீண்ட வரிசையில் ஒவ்வொரு வேலையும் அதிகம் காத்திருக்கும். உண்மையிலேயே 3 வாரம் ஆகும். அப்போது யாரோ ஒருவர் 4 வாரம் போடலாம் என்பார். லீட் டைமைக் கூட்டுவதற்கு முன், கடைசி நான்கைந்து வேலைகள் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் எழுதிப் பார்த்து, இடையில் எத்தனை நாள் மரத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று எண்ணுங்கள்.

கையிருப்புப் பதிவும் அப்படித்தான். நான் கணக்குப் பார்த்த ஒரு பட்டறையில், பதிவில் இருந்த கால்களில் ஒரு பகுதி வெடித்துப்போய் அலமாரிக்குப் பின்னால் தனியாக வைக்கப்பட்டிருந்தது. எண்ணியவர் அவற்றையும் சேர்த்து எண்ணியிருந்தார். நம் உதாரணத்தில் 20-ல் 8 அப்படி இருந்தால், வாரம் 5-ல் ஸ்டூல் வேலை தொடங்கும்போதுதான் அது தெரியவரும். மிஞ்சும் 2 கட்டைகளையும் வேறு வேலைக்கு ஒதுக்கியிருந்து, அப்போது புதிதாக மரம் சொல்ல நேர்ந்தால் அதற்கு 2 வாரம், கால் செய்ய 1 வாரம், ஸ்டூலுக்கு 1 வாரம். பதிவில் இருந்த 8 என்ற பிழைக்காக இரண்டு ஸ்டூல்கள் மூன்று வாரம் தாமதமாகும். ஆகவே கணக்கை ஓட்டும் முன் எல்லாப் பொருளையும் எண்ண முடியாவிட்டாலும், அந்த ஓட்டத்தில் கழிக்கப் போகும் பொருள்களையாவது கையால் தொட்டு எண்ணிவிட வேண்டும்.

கடைசியாக, எம்.ஆர்.பி.யின் கண்ணுக்கு இயந்திரமும் ஆளும் தெரிவதில்லை. அது பொருளையும் தேதியையும் மட்டுமே பார்க்கிறது. ஒரு வாரத்தில் எத்தனை கால்கள் செய்ய முடியும் என்று கேட்பதே இல்லை. உங்கள் பட்டறையில் வாரத்துக்கு 80 கால்கள்தான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். 60, 72 என்ற நம் திட்டம் அதற்குள் அடங்குகிறது. இப்போது வாரம் 2-ல் சொன்ன கட்டு ஒரு வாரம் தாமதமாகி, வாரம் 4-க்குப் பதில் வாரம் 5-ல் வருகிறது என்று தெரியவருகிறது. என்ன செய்வது?

முதலில் அந்தக் கட்டு யாருக்காகச் சொன்னது என்று மேல்நோக்கிப் போய்ப் பாருங்கள். வாரம் 4-ன் தேவை முழுவதும் ஸ்டூலுக்கானது. நாற்காலிக்கான மரம் வாரம் 3-ல் சொன்ன தனி ஆர்டர். கையில் உள்ள 5 கட்டைகளில் 20 கால்களை வாரம் 4-லேயே செய்யலாம். ஏற்கெனவே உள்ள 20-ஐச் சேர்த்து 40 கால்கள், அதாவது 10 ஸ்டூல்கள். முடிந்து இருக்கும் 5-ஐயும் சேர்த்தால் வாரம் 6-ல் 15 ஸ்டூல்கள் நேரத்துக்குப் போகும். மீதி 10 ஸ்டூல்களுக்கான 40 கால்களை வாரம் 5-ல் செய்தால் அவை ஒரு வாரம் மட்டும் தாமதமாகும் என்று எம்.ஆர்.பி. தாள் சொல்லும்.

தாள் சொல்வதை நம்பி வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்கும் முன் வாரம் 5-ஐக் கூட்டிப் பாருங்கள். நாற்காலிக்கு 72, ஸ்டூலுக்கு 40, மொத்தம் 112, முடிவதோ 80. ஸ்டூல் கால்களை முதலில் செய்தால் நாற்காலிக்கு 40 கால்கள்தான் மிஞ்சும். அதில் 20 சட்டகங்கள். இருக்கும் 4 சட்டகங்களையும் முடிந்த 6 நாற்காலிகளையும் சேர்த்தால் வாரம் 8-ல் 46-க்குப் பதில் 30 நாற்காலிகளே தர முடியும். நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆர்டரையும் தாமதமான ஆர்டரோடு சேர்த்துக் கெடுத்துவிடுவோம். நாற்காலிக் கால்கள் 72-ஐ முதலில் முடித்து, மிஞ்சும் இடத்தில் ஸ்டூலுக்கு 8 கால்களும், வாரம் 6-ல் மீதி 32 கால்களும் செய்தால், 46 நாற்காலிகளும் சொன்ன தேதியில் போகும். ஸ்டூல் கேட்டவரிடம் வாரம் 6-ல் 15, வாரம் 7-ல் 2, வாரம் 8-ல் 8 என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.